100 மணி நேரம் 225 ஆனது: ஒரு பெட்ஷீட் கடை இணையதளமும் என் கொட்டேஷனும்

ஈரோட்டில் வீட்டிலிருந்தே இணையதளம் செய்து கொடுக்கும் வேலை என்னுடையது. முதல் மூன்று வருடம் வெளிநாட்டு ஏஜென்சி ஒன்றுக்கு மணிக்கணக்கில் வேலை செய்தேன். மணிக்கு 700 ரூபாய். வார இறுதியில் எத்தனை மணி நேரம் என்று எழுதி அனுப்புவேன், பணம் வரும். 2023 தொடக்கத்தில் முதல்முறையாக உள்ளூர் வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். சென்னிமலையில் பெட்ஷீட், போர்வை, துண்டு விற்பவர். பழைய இணையதளத்தை எடுத்துவிட்டு, ஆன்லைனில் பணம் கட்டி வாங்கும் வசதியோடு புதிதாக வேண்டும் என்றார். மணிக்கணக்கைச் சொன்னதும், "அதெல்லாம் எனக்குப் புரியாதுங்க தம்பி. மொத்தமா எவ்வளவு ஆகும்னு சொல்லிருங்க" என்றார்.

அவர் கேட்டது நியாயம்தான். கடைக்காரருக்கு எவ்வளவு செலவாகும் என்பது முன்பே தெரிய வேண்டும். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டிசைன் 20 மணி நேரம், பக்கங்களைக் கட்டுவது 45, பொருட்களைத் தளத்தில் ஏற்றுவது 15, ஆன்லைனில் பணம் வாங்கும் பேமென்ட் கேட்வேயையும் கூரியரையும் இணைப்பது 10, சோதனை 10. மொத்தம் 100 மணி நேரம், 70,000 ரூபாய். பேரம் பேசி 65,000-க்கு முடிந்தது. ஐந்து வாரத்தில் தருவதாகச் சொன்னேன்.

பதினோரு வாரம் ஆனது. மணிக்கணக்குப் பழக்கத்தால் நேரத்தை எழுதி வைப்பதை மட்டும் நான் விடவில்லை. வேலை முடிந்ததும் கூட்டிப் பார்த்தேன். 225 மணி நேரம். 65,000-ஐ 225-ஆல் வகுத்தால் மணிக்கு 289 ரூபாய். அந்த ஏஜென்சியில் வாங்கியதில் பாதிகூட இல்லை.

அன்று இரவு அந்த நேரக் குறிப்பை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தேன். இன்று நான் கொட்டேஷன் போடும் முறை அதிலிருந்துதான் வந்தது.

முதலில், நான் பெயர் சொல்லி எழுதிய ஐந்து வேலைகள். டிசைன் 20 என்றது 24 ஆனது. பக்கம் கட்டுவது 45 என்றது 48. பொருள் ஏற்றுவது 15 என்றது 41. பேமென்ட்டும் கூரியரும் 10 என்றது 19. சோதனை 10 என்றது 17. ஆக, 100 மணி நேரம் 149 ஆகியிருந்தது.

நான் பெயரே சொல்லாத வேலைகள் தனி. போன், வாட்ஸ்அப், நேரில் போனது எல்லாம் சேர்த்து 31 மணி நேரம். எழுத்தும் படமும் சேகரித்துச் சரி செய்தது 22. டொமைன், மின்னஞ்சல், பழைய பக்கங்களின் முகவரியைப் புதியதற்குத் திருப்பியது 9. கடை ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும், தளம் திறந்த பிறகு ஒரு மாதம் பார்த்துக்கொண்டதும் 14. இது ஒரு 76 மணி நேரம்.

பக்கம் கட்டுவது என் தொழில். அதில் மூன்று மணி நேரம்தான் தவறியிருக்கிறேன். தவறியதெல்லாம் என் வேலை இன்னொருவர் கையைத் தொடும் இடங்களில்: கடைக்காரர் தர வேண்டிய படம், வங்கி தர வேண்டிய ஒப்புதல், கூரியர் கம்பெனியின் எடைக் கணக்கு. மணிக்கணக்கில் வேலை செய்தபோது இதையெல்லாம் நான் கவனித்ததே இல்லை. ஏஜென்சியோடு ஒரு மணி நேரம் போனில் பேசினால் அந்த ஒரு மணி நேரமும் பில்லில் ஏறிவிடும். மறைந்திருக்கும் வேலைக்கு அங்கே தானாகவே காசு வந்துவிடுகிறது. மொத்த விலையிலோ, நாம் பெயர் சொல்லி எழுதிய வேலைக்கு மட்டும்தான் காசு. அதே 700 ரூபாயை, பில்லில் ஏறும் மணி நேரம் எல்லாவற்றுக்கும் பதிலாக, தளம் கட்டும் மணி நேரத்தால் மட்டும் பெருக்கியதுதான் என் பிழை.

பொருள் ஏற்றுவதில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 220 பொருட்கள், ஒன்றுக்கு நான்கு நிமிடம், அதனால் 15 மணி நேரம் என்பது என் கணக்கு. நான் மனதில் வைத்திருந்தது ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே விலை உள்ள பொருள். பெட்ஷீட் அப்படிக் கிடையாது. சிங்கிள், டபுள், கிங் என்று மூன்று அளவு, நான்கைந்து நிறம். ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனி விலை, தனி இருப்பு, தனிப் படம். படங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன, `IMG-20230214-WA0031.jpg` என்கிற மாதிரிப் பெயரோடு. எந்தப் படம் எந்தப் பெட்ஷீட் என்று கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும். அவர் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் பதில் சொல்வார்.

அப்புறம் வரி. அன்றைய ஜிஎஸ்டி விதிப்படி ஆயிரம் ரூபாய் வரையிலான பெட்ஷீட்டுக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். ஒரே டிசைனில் சிங்கிள் 850 ரூபாய், டபுள் 1,250 ரூபாய் என்றால் இரண்டுக்கும் வேறு வேறு வரி. நான் தளம் கட்டிய வூகாமர்ஸ் என்கிற ஆன்லைன் கடை மென்பொருளில் ஒவ்வொரு அளவுக்கும் Tax class தனியாக வைக்க வேண்டும். பாதிப் பொருள் ஏற்றிய பிறகுதான் இதைக் கண்டுபிடித்தேன். திரும்பிப் போய் ஒவ்வொன்றாக மாற்றினேன். ஒரு பொருளுக்கு நான்கு நிமிடம் என்றது சராசரியாகப் பதினொன்று ஆனது இப்படித்தான்.

பேமென்ட் கேட்வேயும் இதே மாதிரி. இணைக்கும் வேலை அரை நாள்தான். ஆனால் கேட்வே கம்பெனியில் கணக்கை இயக்கி வைப்பதற்கு முன் தளத்தில் தொடர்புப் பக்கம், விதிமுறைகள், தனியுரிமை, பணம் திருப்பித் தரும் முறை, டெலிவரி விவரம் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அதையெல்லாம் யார் எழுதுவது என்று நாங்கள் பேசவே இல்லை. நான் எழுதினேன். கூரியருக்கு ஒவ்வொரு பொருளின் எடையும் வேண்டும். எடையோடு போகாமல் பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தும் ஓர் எடை போடுவார்கள். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். தடிமனான போர்வைக்கு அந்த இரண்டாவது எடைதான் பெரும்பாலும் அதிகம் வரும். ஆக, டெலிவரி கட்டணம் சரியாகக் காட்ட வேண்டும் என்றால் யாராவது ஒருவர் தராசும் டேப்பும் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

இவற்றில் எதுவும் அபூர்வமான சிக்கல் இல்லை. ஆன்லைன் கடை எதுவாக இருந்தாலும் வரும். அதனால் "எதிர்பாராத செலவு" என்று பொதுவாக ஒரு 20 சதவீதம் கூட்டிவிட்டால் போதும் என்று சிலர் சொல்லும் யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. என் கணக்கில் 100-க்கு 20 சேர்த்திருந்தாலும் 120தான். மீதி 105 மணி நேரம் அப்படியே என் தலையில்தான் விழுந்திருக்கும். பெயர் சொல்ல முடிகிற வேலையைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். உண்மையிலேயே தெரியாததற்கு மட்டும்தான் சதவீதம்.

இங்கே ஒரு குழப்பம் வரும், எனக்கும் வந்தது. போனில் பேசுவதும் பில் போடுவதும் மறைந்த வேலை என்றால், எல்லாவற்றையும் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் கேட்பதா? அதற்கு 700 ரூபாய் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். வீட்டுச் செலவு, கம்ப்யூட்டர், மின்சாரம், இன்சூரன்ஸ், சேமிப்பு எல்லாம் சேர்த்து எனக்கு வருடம் ஏழு லட்சம் தேவை என்று வைத்திருந்தேன். வருடத்தில் 48 வாரம், வாரம் 40 மணி நேரம் என்றால் 1,920 மணி நேரம். ஆனால் வாடிக்கையாளரிடம் கணக்குக் காட்டக்கூடிய நேரம் ஆயிரம்தான் தேறும். மீதி நேரம் வேலை தேடுவது, கொட்டேஷன் எழுதுவது, வருமான வரிக் கணக்கு, புதிதாகக் கற்பது என்று போய்விடும். ஏழு லட்சத்தை ஆயிரத்தால் வகுத்ததுதான் 700. அதாவது, ஆர்டர் கிடைக்கும் முன்னால் ஆகும் நேரமும் என் அலுவலக வேலையும் ஏற்கனவே அந்த 700-க்குள் இருக்கின்றன. அதைத் திரும்பவும் புராஜெக்டில் சேர்த்தால் இரட்டைக் கணக்கு. ஆர்டர் உறுதியான பிறகு அந்த ஒரு வேலைக்காக நான் செலவழிக்கும் ஒவ்வொரு நிமிடமும் புராஜெக்டின் கணக்கு. இந்தக் கோட்டைப் போட்ட பிறகு எனக்குத் தயக்கம் போய்விட்டது.

ஆறு மாதம் கழித்து கரூரிலிருந்து ஒருவர் அழைத்தார். திரைச்சீலை, மேஜை விரிப்பு, மெத்தை உறை விற்கிறார். சுமார் 150 பொருட்கள். பழைய தளம் எதுவும் கிடையாது. இந்த முறை போனிலேயே விலை சொல்லவில்லை. "ஒரு நாள் உங்க கடைக்கு வந்து பொருளைப் பார்த்துட்டு, என்னென்ன வேலைன்னு எழுதித் தர்றேன். அதுக்கு 6,000 ரூபாய். அதை வெச்சு நீங்க வேற யார்கிட்ட வேணும்னாலும் வேலை குடுக்கலாம்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, வாங்க" என்றார். அந்த ஒரு நாளில்தான் கொட்டேஷனின் பாதி முடிந்தது.

கடையில் நான் செய்த முக்கியமான வேலை ஒரு சோதனை. பத்துப் பொருட்களை எடுத்துக்கொண்டேன். சுலபமானதாகப் பார்த்து எடுக்காமல், அதிக அளவும் நிறமும் உள்ளவற்றையும் கலந்து எடுத்தேன். படம் எடுத்து, அளவு எழுதி, எடை போட்டு, சோதனைத் தளத்தில் ஏற்றி, கடிகாரத்தைப் பார்த்தேன். சராசரி ஒன்பது நிமிடம் வந்தது. 150-க்கு 22 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஆனால் ஒரே எண்ணை நம்பக் கூடாது என்று கற்றிருந்தேன். எல்லாம் நன்றாகப் போனால் 20, வழக்கமாக 26, படம் திரும்ப எடுக்க நேர்ந்தால் 44 என்று மூன்று எண் எழுதினேன். பெரிய திட்டங்களில் பெர்ட் என்று சொல்லும் முறையில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. 1950-களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவானது. அது இவ்வளவுதான்:

```
(குறைந்தது + 4 × வழக்கமானது + மோசமானது) ÷ 6
(20 + 4 × 26 + 44) ÷ 6 = 28
```

மோசமான நாளுக்கும் கணக்கில் கொஞ்சம் இடம் கிடைக்கிறது, ஆனால் அதுவே மொத்தக் கணக்கையும் இழுத்துக்கொண்டு போவதில்லை. நான் இதை எல்லா வரிக்கும் போடுவதில்லை. மற்றவர் கையில் இருக்கும் பெரிய வரிக்கு மட்டும் போதும்.

டிசைனும் பக்கம் கட்டுவதும் 70 மணி நேரம். சென்னிமலைக் குறிப்பில் இருந்த 72-ஐ ஒட்டியே வைத்தேன். பொருள் ஏற்றுவது 28. பேமென்ட், கூரியர், அந்த விதிமுறைப் பக்கங்கள் எல்லாம் சேர்த்து 20. சோதனை 16. இவை 134.

பேச்சுக்கு எவ்வளவு என்பதில்தான் ரொம்ப யோசித்தேன். சென்னிமலை வேலையில் 31 மணி நேரம் பேச்சில் போயிருந்தது. அதை எதனோடு ஒப்பிடுவது? கட்டும் நேரத்தில் இத்தனை சதவீதம் என்று பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. வாரத்தால் வகுத்தபோது தெரிந்தது. பதினோரு வாரமும் ஏறக்குறைய மூன்று மணி நேரம். நான் ஒன்றுமே செய்யாமல் படத்துக்காகக் காத்திருந்த வாரங்களில்கூட அதே மூன்று மணி நேரம். "தம்பி, அந்தப் பச்சைப் போர்வை போட்டோவ மட்டும் மாத்திக் குடுத்துருங்க" என்று ஒரு செய்தி வந்தால், மாற்றுவது ஐந்து நிமிடம், செய்துகொண்டிருந்த வேலையை விட்டுத் திரும்பி வருவதோடு சேர்த்துக் கால் மணி நேரம். அது வேலையின் அளவைப் பார்த்து வருவதில்லை, நாள்காட்டியைப் பார்த்து வருகிறது. ஆகவே கரூருக்கு ஒன்பது வாரம் என்று வைத்து, வாரம் மூன்றாக 27 மணி நேரம் எழுதினேன்.

எழுத்தும் படமும் சரி செய்ய 15, டொமைனும் மின்னஞ்சலும் 6, பயிற்சியும் திறந்த பிறகு 30 நாள் பார்த்துக்கொள்வதும் 14. பேச்சோடு சேர்த்து இந்தப் பகுதி 62. எல்லாம் சேர்த்து 196 மணி நேரம்.

இதற்குப் பிறகுதான் ஆபத்துக்கான பங்கு. மணிக்கணக்கில் வேலை இழுத்தால் செலவு வாடிக்கையாளருக்கு, மொத்த விலையில் இழுத்தால் செலவு நமக்கு. அந்தச் சுமையை ஏற்றுக்கொள்வதற்கு ஒரு விலை உண்டு. ஆனால் அதை 196 மணி நேரத்துக்கும் சேர்த்துப் போடத் தேவையில்லை. என் கையில் இருக்கும் வரிகள் பெரிதாகத் தவறாது என்று என் குறிப்பே காட்டியிருந்தது. பொருள் ஏற்றுவதில் மோசமான நாளை ஏற்கனவே சேர்த்துவிட்டேன். பேமென்ட்டும் கூரியரும், எழுத்தும் படமும், பேச்சும் என்கிற மூன்று வரி மட்டும் 62 மணி நேரம். அதற்கு 20 சதவீதம், 12 மணி நேரம். மொத்தம் 208, ரூபாயில் 1,45,600.

போனில் சொன்னதும் சற்று நேரம் பேச்சில்லை. "எனக்கு ஒருத்தர் அறுபதாயிரம் சொல்றாருங்க" என்றார். சென்னிமலையில் அந்த அறுபதாயிரக்காரர் நான்தான் என்பதால், அந்த விலையில் எதெல்லாம் விட்டுப்போகும் என்று என்னால் வரி வரியாகச் சொல்ல முடிந்தது. விலையைக் குறைக்கவில்லை. வேலைப் பட்டியலை அவர் முன் வைத்து, இதில் எதை நீங்களே செய்து கொள்ள முடியும் என்று கேட்டேன். அவர் மகள் கல்லூரி முடித்துவிட்டு கடைக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறார். பொருள் விவரங்களை எக்ஸெல்லில் நிரப்புவது, படங்களுக்குப் பொருள் எண்ணையே பெயராக வைப்பது, இரண்டையும் அவர் ஏற்றுக்கொண்டார். அந்த எக்ஸெல்லை CSV கோப்பாகச் சேமித்து வூகாமர்ஸில் அப்படியே உள்ளே இழுக்கலாம் என்பதால் பொருள் ஏற்றுவது 28-லிருந்து 10 ஆனது. எழுத்தும் படமும் 15-லிருந்து 8. 25 மணி நேரம் குறைந்து 183. ரூபாயில் 1,28,100. நூறு ரூபாயை விட்டு 1,28,000-க்கு முடித்தோம். டொமைன், ஹோஸ்டிங், கேட்வே கட்டணம் எல்லாம் அவர் கார்டில் நேரடியாக அவர் பெயரிலேயே.

கொட்டேஷனில் விலைக்கு மேலேயே எண்ணிக்கைகளை எழுதினேன். பொருள் 150 வரை, ஒன்றுக்குப் படம் நான்கு வரை. டிசைனில் திருத்தம் இரண்டு சுற்று. ஒரு சுற்று என்றால் எல்லாத் திருத்தமும் ஒரே பட்டியலில் வருவது. இதை விளக்காமல் விட்டால் பத்துச் செய்திகளில் வரும் பத்துத் திருத்தமும் ஒரே சுற்று என்று ஆகிவிடும். எக்ஸெல் வரத் தேதி, அது 15 நாளுக்கு மேல் தாமதமானால் வேலை நிற்கும், வந்த பிறகு என் அடுத்த காலி வாரத்தில் தொடரும். பட்டியலுக்கு வெளியே எது வந்தாலும் மணிக்கு 800 ரூபாய், செய்யும் முன் எத்தனை மணி நேரம் என்று சொல்லிவிடுவேன். இது சண்டைக்காக எழுதுவது இல்லை. இந்த எண்கள் மாறினால் விலையும் மாறும் என்று இரண்டு பேருக்கும் முதல் நாளே தெரிந்திருப்பதற்காக.

பணம் வாங்கும் தவணையிலும் சென்னிமலையில் அடிபட்டிருந்தேன். கடைசி 40 சதவீதம் "தளம் திறந்ததும்" என்று எழுதியிருந்தேன். கேட்வே ஒப்புதலுக்கு வங்கிக் கணக்கின் பெயரும் கடையின் பதிவுப் பெயரும் பொருந்தவில்லை. அதைச் சரி செய்ய ஐந்து வாரம். என் வேலை முடிந்து கிடந்தது, பணம் வரவில்லை. கரூரில் முன்பணம் 40, டிசைன் ஒப்புக்கொண்டதும் 30, சோதனைத் தளத்தில் எல்லாம் வேலை செய்வதைக் காட்டியதும் 25 என்று வைத்தேன். தளம் திறப்பதற்கு 5 சதவீதம்தான் மிச்சம்.

கரூர் வேலை பத்து வாரத்தில் முடிந்தது. 191 மணி நேரம், மணிக்கு 670 ரூபாய். எட்டு மணி நேரம் தவறியது எங்கே என்று பார்த்தேன். திரைச்சீலையை மீட்டர் கணக்கிலும் விற்கிறார், அதற்குத் தனி அமைப்பு வேண்டியிருந்தது. கடையில் உட்கார்ந்திருந்த அன்று அதைக் கேட்கத் தவறிவிட்டேன். இப்போது என் கேள்விப் பட்டியலில் "எந்த அலகில் விற்கிறீர்கள்?" என்று ஒரு வரி இருக்கிறது.

இந்த முறை எல்லா வேலைக்கும் பொருந்தாது. போன வருடம் ஒருவர், கடையில் பில் போடும் மென்பொருளில் உள்ள இருப்பும் தளத்தில் உள்ள இருப்பும் தானாக ஒத்துப்போக வேண்டும் என்றார். அந்த மென்பொருள் யாரோ பல வருடம் முன்பு எழுதிக் கொடுத்தது, எழுதியவர் இப்போது தொடர்பில் இல்லை. குறைந்தது 8 மணி நேரம், மோசமானால் 80 என்றுதான் என்னால் எழுத முடிந்தது. மூன்று எண்களில் மோசமானது குறைந்ததைப் போலப் பத்து மடங்கு வந்தால், அந்த வேலையைப் பற்றி எனக்கு இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம். அதற்கு மொத்த விலை சொன்னால் அவரோ நானோ யாராவது ஒருவர் ஏமாறுவோம். மணிக்கு 800 ரூபாய், 12 மணி நேரம் தாண்டும் முன் நிறுத்தி, கண்டதைச் சொல்லி, தொடரலாமா என்று கேட்பேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஒன்பதாவது மணி நேரத்தில் அந்த மென்பொருள் தினமும் இரவு ஒரு கோப்பை எழுதி வைப்பதைக் கண்டுபிடித்தேன். அந்தக் கோப்பு கையில் வந்த பிறகு, மீதி வேலைக்கு அவரிடம் ஒரு மொத்த விலை சொன்னேன்.